கர்ப்ப காலத்தில் தலைச்சாயம், கெரட்டின், எண்ணெய்: எதைச் செய்யலாம், எதைத் தள்ளிவைக்கலாம்?

"எனக்கு வயது 32. செங்காங்கில் வசிக்கிறேன். முதல் குழந்தை, இப்போது 11 வாரம். முன்நெற்றியில் இளநரை இருப்பதால் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே சாயம் பூசுவேன். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பும் ஒருமுறை பூசிவிட்டேன். ஏழாம் மாதம் வளைகாப்பு. அதற்கு முன்பு கெரட்டின் செய்துகொள்ள ஒரு சலூனில் பணம் கட்டியிருக்கிறேன். 'ஃபார்மால்டிஹைட் இல்லாதது, கர்ப்பிணிகளும் செய்யலாம்' என்கிறார்கள். மாமியார் ஊரிலிருந்து கறுப்பு மருதாணிப் பொட்டலங்கள் கொண்டுவந்திருக்கிறார். வாரம் ஒருமுறை விளக்கெண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் சொல்கிறார். இவற்றில் எதைச் செய்யலாம் டாக்டர்?"
செங்காங் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கர்ப்பம் தெரியுமுன் பூசிய அந்தச் சாயத்தைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். அதனால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்திருக்கும் என்று எண்ணக் காரணமில்லை. அதற்காகத் தனியாக ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. நீங்கள் கேட்டிருப்பவற்றுள் நான் தயங்காமல் வேண்டாம் என்று சொல்வது கெரட்டின் ஒன்றைத்தான். சாயத்தைச் சில ஒழுங்குகளோடு தொடரலாம். மருதாணிப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் அதன் பின்புறத்தைப் படிக்க வேண்டும். எண்ணெய்க் குளியலில் மாமியார் சொல்வதோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

தலையில் பூசும் ஒரு பொருள் குழந்தையைச் சென்றடைய வேண்டுமானால், அது தலைத்தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ முதலில் உங்கள் இரத்தத்தில் கலக்க வேண்டும். வீட்டில் நீங்கள் பூசும் நிரந்தரச் சாயத்தில் பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாராபினைலீன்டையமின் அல்லது அதன் உறவுப்பொருள் ஒன்று இருக்கும். இரண்டாவது குப்பியிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கலந்தவுடன் அது வினைபுரியத் தொடங்கி, முடிக்குள்ளேயே பெரிய நிறத்துகளாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. தொண்டர்களின் தலையில் சாயம் பூசி அளந்து பார்த்த ஆய்வுகளில், பூசியதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அளவே உடலுக்குள் சென்றது தெரியவந்தது. அதுவும் ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இதனால்தான் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையும் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பும் கர்ப்ப காலத்தில் தலைச்சாயத்தைத் தடை செய்யவில்லை.

ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன என்று நான் சொல்லமாட்டேன். தாய் சாயம் பூசியதற்கும் சில குழந்தைப் பருவப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சுட்டியுள்ளன. வேறு ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. இப்படிப்பட்ட நிலையில் பயந்து ஒதுங்குவதைவிட, தேவைக்கு மேல் பூசாமல் இருப்பதே முறை. முதல் 12 வாரங்கள் கழியட்டும் என்று பலர் காத்திருப்பதும் இந்த எண்ணத்தால்தான். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது என்பதால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் முன்னெச்சரிக்கை அது. 11ஆம் வாரத்தில் பூசினால் ஆபத்து, 13ஆம் வாரத்தில் பூசினால் இல்லை என்று யாரும் நிறுவியதில்லை.

உங்கள் கணக்கை இப்படி வைத்துக்கொள்ளலாம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஐந்து வாரத்தில் தெரிவது ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் குறைவான வெள்ளை வேர்ப்பகுதி. அதை வகிட்டை மாற்றி எடுத்தும், நரைமுடிமேல் தீட்டும் குச்சி வடிவ நிறப்பூச்சாலும் மறைக்கலாம். தெளிப்பான் வகையைத் தவிர்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் குளியலறைக்குள் அதை அடித்தால் பாதி மூக்கில்தான் போகும். இடைவெளியை ஐந்து வாரத்திலிருந்து ஏழு வாரத்துக்கு நீட்டினால், 14ஆம் வாரம், 21ஆம் வாரம், வளைகாப்புக்குச் சற்று முன்னதாக 28 அல்லது 29ஆம் வாரம் என மொத்தம் மூன்று முறையோடு முடிந்துவிடும். கர்ப்ப காலம் முழுவதற்கும் மூன்று நான்கு முறை என்பது மருத்துவர்கள் கவலைப்படாத எண்ணிக்கை.

ஒவ்வொரு முறையும் புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசுங்கள். நுனிவரை இழுத்து வாருவதால் நிறம் கூடுவதில்லை, சாயம்தான் வீணாகிறது. கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து, அட்டையில் போட்டுள்ள நிமிடங்களுக்கு மேல் வைக்காமல், நிறம் ஒழுகாத தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். தலையில் புண்ணோ சொறிந்த காயமோ இருந்தால் அது ஆறும்வரை தொடவேண்டாம். தோல் உடைந்த இடத்தில் நான் மேலே சொன்ன நூற்றில் ஒரு பங்குக் கணக்கு செல்லாது.

சாயத்தால் எங்கள் மருத்துவமனைகளுக்கு வருவோரின் சிக்கல் பெரும்பாலும் ஒவ்வாமையே. அது தாய்க்கு வருவது. பல ஆண்டுகள் ஒரே சாயத்தைப் பூசியவருக்கும் ஒருநாள் பிபிடி ஒவ்வாமை தோன்றலாம். பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பு, அட்டையிலுள்ள குறிப்பின்படி காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிப் பார்ப்பதை இந்த ஒன்பது மாதமாவது தவறவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் ஒவ்வாமை வந்தால் மருந்தைத் தேர்ந்தெடுத்துத்தான் தர வேண்டியிருக்கும். பூசிய மறுநாளோ இரண்டாம் மூன்றாம் நாளோ நெற்றியோரம் அரித்து, காது சிவந்து, கண்ணிமை வீங்கினால் அந்தச் சாயத்தை மீண்டும் தொடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ காத்திராமல் 995 அழையுங்கள். 'அம்மோனியா இல்லாதது' என்ற சொல்லும் உங்களை ஏமாற்ற வேண்டாம். நெடி குறைந்திருக்கும், மசக்கை உள்ளவருக்கு அது பெரிய உதவிதான், ஆனால் பிபிடி அதிலும் இருக்கக்கூடும்.

இனி கெரட்டின். இங்கே பொருள் உள்ளே நுழையும் வழி மூச்சு. சாயத்துக்குச் சொன்ன சமாதானங்கள் இதற்குப் பொருந்தா. முடியிலுள்ள புரதத்தை நேராக நிற்கவைக்க இந்தச் சிகிச்சைகளில் பல ஃபார்மால்டிஹைடையே நம்பியுள்ளன. குப்பிக்குள் அது தண்ணீரில் கரைந்து மெத்திலீன் கிளைக்கால் என்ற வடிவில் இருக்கும். முதலில் காற்றுலர்த்தியும், பிறகு ஏறத்தாழ 200 பாகைக்கும் மேல் சூடேறிய இரும்பும் அதன்மேல் பட்டவுடன் வாயுவாக வெளியேறி, உங்கள் முகத்துக்கு நேரே மிதக்கும். கண்ணில் நீர் வடிவது, தொண்டை எரிவது, இருமல் எழுவது எல்லாம் அதன் அடையாளங்கள். 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஒரே ஒருமுறை கெரட்டின் செய்துகொண்ட தாயின் குழந்தைக்குக் குறை வந்தது என்று காட்டும் ஆய்வு எதையும் நான் உங்களுக்குச் சுட்ட முடியாது. தொழில் முறையில் நாள்தோறும் அதைச் சுவாசித்த பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருக்கலாம் என்று சுட்டும் ஆய்வுகள் உண்டு. சில மாத வழவழப்புக்காக அந்த ஐயத்தைக் கர்ப்ப காலத்தில் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

'ஃபார்மால்டிஹைட் இல்லாதது' என்று சலூனில் சொன்னார்கள் என்கிறீர்களே, அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். ஒன்று, அந்தப் பெயர் அட்டையில் இல்லை, வேறு பெயரில் இருக்கிறது என்பது. 2010இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத் தொழிலிடப் பாதுகாப்பு அதிகாரிகள், இப்படியே 'இல்லை' என்று அறிவித்து விற்கப்பட்ட ஒரு சரக்கைச் சோதித்தபோது அதில் 6 விழுக்காட்டுக்கும் மேல் ஃபார்மால்டிஹைட் இருந்தது. மெத்திலீன் கிளைக்கால், ஃபார்மலின், மெத்தனல் என்ற பெயர்கள் மூலப்பொருள் பட்டியலில் இருந்தால் இந்த வகைதான் என்று கொள்ளலாம்.

மற்றொன்று, உண்மையிலேயே ஃபார்மால்டிஹைடை விட்டுவிட்டு கிளையாக்சிலிக் ஆசிட் சேர்த்திருப்பது. இப்போது சந்தையில் 'பாதுகாப்பானது' என்று கூவி விற்கப்படுபவற்றில் பல இந்த வகை. அட்டையில் கிளையாக்சிலிக் ஆசிட் என்றோ கிளையாக்சிலோயில் கார்போசிஸ்டீன் என்றோ எழுதியிருக்கும். இதுவும் கடுஞ்சூட்டில் ஓரளவு ஃபார்மால்டிஹைடை வெளியிடக்கூடியது. அதைவிட முக்கியமான செய்தி 2024இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வந்தது. 26 வயதுப் பெண் ஒருவர், 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தார். மூன்று முறையும் களிம்பு பட்ட இடத்தில் தலை எரிந்தது, புண்ணும் கண்டது. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலி தொடர்ந்தன. அந்தக் களிம்பில் கிளையாக்சிலிக் ஆசிட் இருந்தது. எலிகளின் முதுகில் அதே களிம்பைப் பூசிப் பார்த்தபோது, அவற்றின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அடைத்திருந்தன. அந்தப் பெண்ணின் சிறுநீரகம் ஒவ்வொரு முறையும் மீண்டுவிட்டது. இஸ்ரேலிலும் இதுபோன்ற நோயாளிகள் பலரை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

கர்ப்பிணி ஒருவருக்கு இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வாந்தியை மசக்கை என்பார்கள், முதுகுவலியை வயிறு கனக்கிறது என்பார்கள், காய்ச்சலைச் சிறுநீர்த் தொற்று என்று தொடங்குவார்கள். நேற்று சலூனுக்குப் போனீர்களா என்று கேட்க யாருக்கும் தோன்றாது. ஏற்கெனவே யாரேனும் செய்துகொண்டுவிட்டு, ஓரிரு நாளில் இப்படிப்பட்ட தொல்லையோடும் சிறுநீர் குறைந்தும் இருந்தால், அந்தச் செய்தியை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்தால் விவரம் தெரிந்துவிடும்.

இந்தப் பொருள்கள் இங்கே விற்கப்படுகின்றனவே, அரசாங்கம் பார்த்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். சிங்கப்பூரில் அழகுப் பொருள்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்காணிக்கிறது. விற்பனைக்கு முன் நிறுவனம் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் அறிவித்தல் என்பது ஆணையம் ஒவ்வொரு குப்பியையும் சோதித்து ஒப்புதல் தந்தது ஆகாது. பொருள் பாதுகாப்பானதாக இருக்க வேண்டிய பொறுப்பு விற்பவருடையது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த குப்பிக்கு அந்த அறிவிப்புகூட இருக்காது. கட்டிய பணத்தைப் பற்றி, பிரசவத்துக்குப் பின் பயன்படுத்திக்கொள்ளத் தேதியை நீட்டித் தரும்படியோ முடிவெட்டு போன்ற வேறு சேவைக்கு மாற்றித் தரும்படியோ எழுத்தில் கேளுங்கள். கர்ப்பம் என்று சொன்ன பிறகும் மறுக்கும் கடைகள் குறைவு.

நீங்கள் செய்யாவிட்டாலும் பக்கத்து நாற்காலியில் செய்கிறார்கள் என்பது பலரும் எண்ணாத விஷயம். கடைத்தொகுதிக்குள் இருக்கும் சலூன்களில் திறக்கச் சன்னல் இருக்காது, குளிர்சாதனம் அதே காற்றைச் சுற்றிவிடும். சாயத்துக்கோ முடிவெட்டுக்கோ முன்பதிவு செய்யும்போது, அந்த நேரத்தில் வேறு யாருக்காவது கெரட்டின் நடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வார நாளின் காலை வேளை பெரும்பாலும் ஓய்வாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் கண் கரித்தால் திரும்பி வந்துவிடலாம். நெடி இல்லை என்பதற்காகக் காற்று சுத்தம் என்று முடிவு செய்ய முடியாது, ஆனால் கண் கரித்தால் சுத்தமில்லை என்பது உறுதி.

ரீபாண்டிங்கையும் கெரட்டினையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். ரீபாண்டிங்கில் பயன்படுவது பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைக்கோலேட். அது முடியின் உள்பிணைப்புகளைத் தளர்த்த, இரும்பால் நேராக்கிய பிறகு பெராக்சைடு போன்ற இன்னொரு கரைசல் அவற்றை மீண்டும் இறுக்குகிறது. ஃபார்மால்டிஹைட் இதில் பங்கு வகிப்பதில்லை, தலைத்தோல் வழியாகச் செல்வதும் குறைவு என்பதால் இதைக் கெரட்டினோடு ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஆயினும் அதன் அழுகல் நெடியோடு நான்கைந்து மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார வேண்டியிருப்பதாலும், தலைத்தோலில் பட்டால் புண்ணாகக்கூடும் என்பதாலும் என்னிடம் கேட்பவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வளைகாப்பன்று காலையில் முடியை அலசி, வெப்பத்திலிருந்து காக்கும் சிலிக்கோன் சீரம் சிறிது தடவி, காற்றுலர்த்தியாலும் இரும்பாலும் நேராக்கிக்கொண்டால் ஒருநாள் விழாவுக்கு அது போதும். அன்று எப்படியும் பூவும் சடையும் வைத்துப் பின்னத்தான் போகிறார்கள்!

மாமியார் கொண்டுவந்த பொட்டலத்துக்கு வருவோம். மருதாணி இலை மட்டும் இருந்தால் நரைமுடி செம்பழுப்பாகவோ ஆரஞ்சாகவோதான் மாறும், அதற்கும் சில மணி நேரம் ஆகும். அரைமணி ஒருமணியில் கன்னங்கரேலென்று ஆக்குவதாகச் சொல்லும் 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் பிபிடி கலந்திருக்கும். அப்படியானால் அது நீங்கள் வழக்கமாகப் பூசும் சாயமேதான். ஆனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது தெரியாது, மூலிகை என்று நம்பித் தோல் சோதனையும் செய்யமாட்டோம். பட்டியலே இல்லாத பொட்டலத்தை ஒதுக்கிவிடுங்கள். மருதாணியும் அவுரியும் மட்டும் சேர்ந்த பொடியை இரண்டு கட்டமாகப் பூசினால் ஓரளவு கருமை கிடைக்கும். பொறுமை இருப்பவருக்கு அது நல்ல வழி. நாள்தோறும் தடவத் தடவ மெல்லக் கருக்கும் களிம்புகளில் சிலவற்றில் முன்பு ஈய அசிட்டேட் இருந்தது. அமெரிக்கா 2018இல் அதற்கான அனுமதியை நீக்கியது. ஈயம் கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால் பெயர் தெரியாத அத்தகைய களிம்புகள் வேண்டாம்.

மருதாணியில் இன்னொரு நுட்பம் உண்டு. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பச்சைக் குழந்தைகளுக்கு, மருதாணியின் நிறப்பொருள் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தச் சோதனை செய்யப்படுகிறது. நீங்கள் இங்கே பிறந்தவராக இருந்தால் உங்கள் சுகாதாரக் கையேட்டில் குறிப்பு இருக்கலாம். குறைபாடு உள்ளவர் என்றால் வளைகாப்புக்குக் கை நிறைய வைக்குமுன் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை பிறந்த பின் அதன் உள்ளங்கையில் ஆசைக்கு ஒரு பொட்டு வைக்க யாரேனும் முனைந்தால், சோதனை முடிவு எப்படியிருந்தாலும் தடுத்துவிடுங்கள்.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் தலையில் தேய்த்துக் குளிப்பதில் தவறில்லை. விளக்கெண்ணெயைக் குடித்தால் குடல் முறுக்கி, கருப்பையும் சுருங்கத் தொடங்கலாம். தலையில் தேய்த்தால் அப்படி ஆவதில்லை. எனவே தேய்ப்பதற்குச் சம்மதம் சொல்லுங்கள், குடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது பிசுபிசுப்பானது என்பதால் நல்லெண்ணெயுடன் கலந்து தேய்த்தால் அலசுவது எளிது. நான் உண்மையில் அஞ்சுவது வீவக வீட்டின் சிறிய குளியலறைத் தரையைத்தான்: எண்ணெய் சொட்டிய ஓட்டில், வயிற்றின் கனத்தால் நிலை மாறிய உடலோடு வழுக்கி விழுந்து வரும் கர்ப்பிணிகள் எண்ணெயின் வேதியியலால் வருபவர்களைவிட அதிகம். ரப்பர் விரிப்பு போட்டு, முக்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். கற்பூரமும் மெந்தாலும் தூக்கலாகச் சேர்த்த 'குளிர்ச்சி' எண்ணெய்களையும், நீர்க்காமல் தடவும் செறிந்த வாசனை எண்ணெய்களையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பிரசவமாகி இரண்டு முதல் நான்கு மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிரும். கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடிதான் அது. பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானே சீராகும். அந்தப் பதற்றத்தில் 'முடி வளர்க்கும் சீரம்' வாங்குபவர்கள் பலர், சிலர் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். அவற்றில் மினாக்சிடில் இருந்தால் கர்ப்பத்திலும் தாய்ப்பால் தரும்போதும் பயன்படுத்தக்கூடாது. ஆண்களுக்கான சில கலவைகளில் ஃபினாஸ்டரைடும் சேர்ந்திருக்கும், அது கருவிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. உங்கள் கணவர் அத்தகைய கரைசல் பயன்படுத்துகிறாரென்றால், அவருடைய தலையணை உறையையும் துண்டையும் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எதிலேனும் ஐயம் இருந்தால் குப்பியையே அடுத்த பரிசோதனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கச் சிறிய எழுத்து மருத்துவருக்கு உதவும்.